அம்மா வாசலில் நின்றார், குறியெண் வேறெங்கோ போயிற்று

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பி, அம்மாவுக்கு ஒரு புதிய கைப்பேசி வாங்கி அனுப்பினான். விலை 899 வெள்ளி. அம்மா சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டம் ஒன்றின் பழைய லயன் வீட்டில் இருக்கிறார். நான் பட்டணத்தில் ஒரு தாமானில் இருந்துகொண்டு தமிழ்ப்பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். விலை கூடிய பொருள் என்பதால், பார்சலைக் கொண்டுவருபவரிடம் ஆறு இலக்கக் குறியெண் ஒன்றைச் சொன்னால்தான் அவர் பொருளைக் கையில் கொடுப்பார் என்று விற்பனைச் செயலியில் எழுதியிருந்தது. அந்த எண் எங்கள் மூவரில் யாருக்குமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் தலைநகரிலும் இருந்துகொண்டு தோட்டத்திலுள்ள பெற்றோருக்குப் பொருள் வாங்கி அனுப்பும் வீடுகள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு என்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

தம்பி கவனமில்லாமல் இருந்துவிடவில்லை. அவனுடைய மலேசிய எண் ப்ரீபெய்ட் எண். சிங்கப்பூர் போனபிறகு ரீலோட் செய்யாமல் விட்டதால் அது காலாவதியாகும் நிலையில் இருந்தது. அதனால் பொருள் வாங்குவதற்கு முன்பே செயலியில் தன் கணக்கைத் திறந்து, அதிலிருந்த எண்ணை மாற்றி என்னுடைய எண்ணைப் போட்டான். எனக்கு ஓர் ஓடிபி வந்தது, அதை அவனிடம் சொன்னேன், மாற்றம் முடிந்தது. "இனிமே எல்லாம் உனக்குத்தான் வரும் அக்கா, கோட் வந்ததும் அம்மாகிட்ட சொல்லிடு" என்றான். நானும் அப்படியே நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை செயலியில் "Out for Delivery" என்று காட்டியது. பள்ளியில் என் மேசைமேல் கைப்பேசியை வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். பதினொன்றரை மணிக்கு அம்மா பக்கத்து வீட்டுக் கைப்பேசியிலிருந்து அழைத்தார். பார்சல்காரத் தம்பி வாசலில் நிற்கிறார், கோட் கேட்கிறார், என்ன சொல்வது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த இளைஞரிடம் பேசினேன். அவர் பொறுமையாக, தன் கையிலிருந்த கருவியில் மறுபடி அனுப்பும் பொத்தானை இருமுறை அழுத்தியதாகவும், "போயிருச்சுன்னு காட்டுது அக்கா" என்றும் சொன்னார். ஐந்தாறு நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அந்த எண்ணை அடிக்காமல் அவருடைய கருவி அடுத்த திரைக்கே போகாது. அவர் வண்டியில் இன்னும் நூறு வீட்டுப் பார்சல்கள் இருந்திருக்கும்.

அன்று மாலை செயலியில், பெறுபவர் இல்லாததால் ஒப்படைக்க முடியவில்லை என்ற குறிப்பு வந்தது. அதைப் படித்துச் சொன்னபோது அம்மாவின் முகம் வாடியதை நான் மறக்க மாட்டேன். "நான் வாசல்லதானே நின்னேன், இல்லைன்னு எப்படி எழுதுவாங்க?" என்று கேட்டார். அந்தக் குறிப்பை அந்த இளைஞர் எழுதவில்லை. ஒப்படைக்க முடியாமல் போனதற்குக் கருவியில் நாலைந்து காரணங்கள் மட்டுமே பட்டியலில் இருக்கும், அவற்றில் ஒன்றைத் தொட்டாக வேண்டும். குறியெண் வரவில்லை என்று ஒரு காரணமே அந்தப் பட்டியலில் இல்லை என்பதை அவரே மறுநாள் சொன்னார். ஆகவே உங்கள் செயலியில் இப்படி ஒரு குறிப்பு வந்து, வீட்டில் ஆள் இருந்தது உண்மையானால், ஓட்டுநர் வரவே இல்லை என்று முடிவு செய்துவிடாமல், குறியெண் எந்த எண்ணுக்குப் போனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

புதன்கிழமையும் இதே கதைதான். மூன்றாம் முறையும் தவறினால் பொருள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்று அந்த இளைஞர் எச்சரித்தார். எனவே வியாழக்கிழமை அவர் அதைத் தோட்டத்துக்கு எடுத்து வரவேண்டாம் என்றும், கிளையிலேயே வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொண்டு, பள்ளி முடிந்ததும் நேராக அங்கே போனேன்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி கண்காணிப்பு எண்ணைக் கேட்டு, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து முகப்பின்மேல் வைத்தார். சாம்பல் நிற உறை, அதன்மேல் வெள்ளை ஒட்டுச்சீட்டு. பெறுபவர் பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயர். அதன் கீழே தோட்டத்து முகவரி, 31100 சுங்கை சிப்புட். அதற்கும் கீழே தொலைபேசி எண்ணின் பெரும்பகுதி நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டு, கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன: 47. என் எண் 47 என்று முடியாது. தம்பியின் எண்ணும் முடியாது. அம்மாவின் இப்போதைய எண் 82 என்று முடியும். நாலு வருடத்துக்கு முன் அம்மா வைத்திருந்த எண்தான் 47 என்று முடிந்தது. பழைய கைப்பேசி பழுதாகி, பல மாதம் ரீலோட் செய்யாமல் கிடந்து, அந்த சிம் கார்டு செத்துப்போன பிறகுதான் அம்மாவுக்குப் புதிய எண் வாங்கினோம்.

நடந்தது அப்போதுதான் விளங்கியது. தம்பி இங்கே வேலை செய்த காலத்தில், பகலில் வீட்டில் இருப்பது அம்மாதான் என்பதால், தன் பெயரையும் அம்மாவின் எண்ணையும் போட்டு அந்த முகவரியைச் செயலியில் சேமித்து வைத்திருக்கிறான். கணக்கின் எண் வேறு, சேமித்த முகவரிக்குள் இருக்கும் எண் வேறு. கணக்கின் எண் உள்ளே நுழைவதற்கும் கடவுச்சொல் மாற்றுவதற்கும் மட்டுமே பயன்படுகிறது. கூரியர் நிறுவனத்துக்கு அந்த எண் தெரியவே தெரியாது. அதனிடம் போவது முகவரியோடு சேர்ந்திருக்கும் எண்தான், ஒட்டுச்சீட்டில் அச்சாவதும் குறியெண் போய்ச் சேருவதும் அந்த எண்ணுக்கே. தம்பி முதல் எண்ணை மாற்றிவிட்டு இரண்டாவதும் தானாக மாறிவிடும் என்று நினைத்தான். முகவரிப் பக்கத்தைத் திறந்து, அந்த முகவரிக்குள் நுழைந்து, எண்ணைத் தனியாக மாற்றிச் சேமித்திருக்க வேண்டும். அதுவும் பொருளுக்குப் பணம் கட்டும் முன்பே. பணம் கட்டிய நிமிடத்தில் அந்த ஆர்டருக்கென்று முகவரியின் ஒரு படி எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு முகவரிப் பக்கத்தில் செய்யும் திருத்தம் அடுத்த ஆர்டருக்குத்தான் போகும்.

அந்தப் பெண்மணியிடம் எண்ணை மாற்றித் தரும்படி கேட்டேன். தங்களால் முடியாது, அனுப்பியவர் கேட்டால்தான் மாற்ற முடியும் என்றார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அது நியாயமாகவே பட்டது. கூரியருக்குப் பணம் கட்டுவது விற்பனையாளர், எனவே கூரியரின் வாடிக்கையாளர் அவர்தான். மேலும், கண்காணிப்பு எண்ணைத் தெரிந்துகொண்டு வருகிற எவரும் தொலைபேசி எண்ணை மாற்றிவிட முடியுமானால் குறியெண் வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? தம்பி அன்றிரவே விற்பனையாளருக்குச் செயலி வழியே எழுதினான். பொருள் கையை விட்டுப் போனபிறகு அந்த ஆர்டரின் விவரங்களைத் தன்னாலும் திறந்து மாற்ற முடியவில்லை என்று மறுநாள் காலை பதில் வந்தது. சில விற்பனையாளர்களால் கூரியர் நிறுவனத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு மாற்றச் சொல்ல முடியும் என்பதால், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருந்தால், பொருளைக் கிளையில் வைத்திருக்கும் நாட்கள் முடிந்துவிடும். எங்கள் கிளையில் ஐந்து வேலை நாள் என்றார்கள். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிஞ்சியிருந்த வழி, கிளையிலேயே ஐ.சி. காட்டிப் பெற்றுக்கொள்வது. கிளையில் எடுக்கும்போது குறியெண்ணுக்குப் பதிலாகப் பெறுபவரின் ஐ.சி. எண்ணைப் பதிவு செய்கிறார்கள். இங்கேதான் இரண்டாவது முட்டுக்கட்டை வந்தது. ஒட்டுச்சீட்டில் இருப்பது தம்பியின் பெயர், அம்மாவின் ஐ.சி. அதற்கு உதவாது. தம்பியோ ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். இப்படிப்பட்ட நிலையில் ஓர் அனுமதிக் கடிதம் கேட்பார்கள், மலாயில் சூராட் கெபெனாரான் என்பார்கள். அதைத் தம்பி தன் கையால் எழுதிப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினான், நான் பள்ளிக்கு வெளியே உள்ள கடையில் அச்செடுத்துக்கொண்டேன். கடிதத்தில் அவன் பெயரும் ஐ.சி. எண்ணும், என் பெயரும் ஐ.சி. எண்ணும், கண்காணிப்பு எண், அந்த ஒரு பார்சலைப் பெறுவதற்கு மட்டும் எனக்கு அனுமதி தருகிறான் என்ற ஒரு வாக்கியம், தேதி, கையொப்பம் ஆகியவை இருந்தன. வேறொன்றும் வேண்டியதில்லை. அதோடு அவனுடைய ஐ.சி.யின் படமும் வேண்டும். அந்தப் படத்தை அனுப்புவதற்கு முன், அதன்மேல் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, நடுவில் பார்சல் எடுப்பதற்கு மட்டும் என்று மலாயில் எழுதி, தேதி போடச் சொன்னேன். வங்கிக்கு ஐ.சி. நகல் கொடுக்கும்போது நம் பெரியவர்கள் செய்கிற பழக்கம்தான் அது. கைப்பேசியில் அனுப்பும் படத்துக்கும் அதைச் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக முகப்பு மூடியிருக்கும் என்பதை மறந்து ஒருமுறை வீணாக அலைந்தேன். மாலை நாலு மணிக்கு மறுபடி போனபோது, கடிதத்தையும் இரண்டு ஐ.சி.க்களையும் பார்த்துவிட்டு, ஒட்டுச்சீட்டிலுள்ள பெயரைத் தம்பியின் ஐ.சி.யிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். தம்பி செயலியில் தன் செல்லப்பெயரைப் போடாமல் ஐ.சி.யில் உள்ளபடி தந்தை பெயரோடு போட்டிருந்தது நல்லதாயிற்று. வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு வைத்திருக்கும் பலரை எனக்குத் தெரியும். வாசலில் வாங்கும்போது அது இடைஞ்சல் செய்யாது, கிளைக்குப் போக வேண்டிவந்தால்தான் உறைக்கும்.

இது நடந்த பிறகு, பக்கத்துத் தாமானில் இருக்கும் ஓர் அக்கா தன் மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தையல் இயந்திரமும் இதேபோலத் திரும்பிப் போனதாகச் சொன்னார். அங்கே காரணம் வேறு. மகள் தன் சிங்கப்பூர் எண்ணை மலேசியச் செயலியின் முகவரியில் போட்டிருக்கிறாள். அந்தக் கட்டத்தில் +60 என்ற நம் நாட்டு எண் முன்னாலேயே பதிந்திருக்கும், அதைச் சிங்கப்பூரின் +65 ஆக மாற்ற வழி இல்லை. அவள் மீதி எட்டு இலக்கங்களை அடித்தாள், செயலி தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று நான் வெகுநேரம் யோசித்தேன். சிங்கப்பூர்க் கைப்பேசி எண்கள் 8 அல்லது 9 என்று தொடங்கும் எட்டு இலக்கங்கள். நம் கிழக்குக் கரை மாநிலங்களின் வீட்டுத் தொலைபேசி எண் 09 என்று தொடங்கும். முதல் சுழியத்தை எடுத்துவிட்டால் அதுவும் 9 என்று தொடங்கும் எட்டு இலக்கம்தான். சபா, சரவாக் எண்களும் அப்படியே 8 என்று தொடங்கும் எட்டு இலக்கமாக நிற்கும். ஆகவே அவளுடைய சிங்கப்பூர் எண், செயலியின் கண்ணுக்குக் கிளந்தானிலோ பகாங்கிலோ இருக்கும் ஒரு வீட்டுத் தொலைபேசியாகத் தெரிந்திருக்கிறது. குறுஞ்செய்தி அங்கே போய் மறைந்துவிட்டது.

எண் சரியாக இருந்து, ஆள் மட்டும் வெளிநாட்டில் இருந்தாலும் குறியெண் வராமல் போகலாம். மலேசிய சிம் கார்டை ரோமிங்கில் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஊரிலிருந்து யாரையாவது அந்த எண்ணுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்பச் சொல்ல வேண்டும். அதுவே வரவில்லை என்றால் ரோமிங் திறக்கப்படவில்லை, அல்லது ப்ரீபெய்ட் காலாவதியாகிவிட்டது. அது வந்து குறியெண் மட்டும் வரவில்லை என்றால், கூரியர் பயன்படுத்தும் அனுப்பும் வழி நம் நாட்டுக்குள் மட்டும் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். அதை நம்மால் சரிசெய்ய முடியாது, ஊரிலிருக்கும் எண்ணைத்தான் போட வேண்டும். +65 எண்ணை ஏற்றுக்கொள்ளும் செயலிகளிலும் இன்னொரு தடை இருக்கிறது. 2023 ஜனவரி 31 முதல் சிங்கப்பூரில், பதிவு செய்யாத பெயரிலிருந்து வரும் குறுஞ்செய்திகளுக்கு "Likely-SCAM" என்ற தலைப்பு போடப்படுகிறது. அங்கே பதிவு செய்துகொள்ளாத மலேசிய நிறுவனத்தின் செய்தி உண்மையானதாக இருந்தாலும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வரும். மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் பார்த்தபிறகு நாங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான். முகவரியில் பெயரும் எண்ணும் வாசலில் நிற்கப்போகிறவருடையதாகவே இருக்கும். அம்மா வாங்குவதானால் ஐ.சி.யில் உள்ளபடி அம்மாவின் பெயர், 82 என்று முடியும் அம்மாவின் எண். எனக்குக் குறியெண் வந்து நான் அம்மாவுக்குச் சொல்வது என்ற ஏற்பாட்டைக்கூட நாங்கள் விட்டுவிட்டோம். நான் கூட்டத்தில் இருப்பேன், தம்பியின் கைப்பேசி பட்டறையில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், வாசலில் நிற்பவருக்கோ ஐந்து நிமிடம்தான் பொறுமை. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் ஆறு எண்களை வாசிக்கத் தெரியும், அதற்குமேல் இங்கே எதுவும் தேவையில்லை.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் பலமுறை சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டியைக் கண்ணால் பார்த்து, ஒட்டுச்சீட்டில் தன் பெயர் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். மழை நாளில் ஓட்டுநர் அழைத்து, தோட்டத்து வாசலில் ஜாகாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், கோட் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பது உண்டு. பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். ஆனால் எண்ணைச் சொன்ன நொடியில் பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகப் பதிவாகிவிடும், பிறகு அது காணாமல் போனால் வரவில்லை என்று வாதாட நம்மிடம் ஒன்றும் இருக்காது. கணக்கில் நுழைவதற்கான ஓடிபியை யார் கேட்டாலும், பார்சல்காரரே கேட்டாலும், கொடுக்கக்கூடாது. குறியெண் வரும் செய்தியில் கண்காணிப்பு எண்ணும் சேர்ந்தே இருக்கும் என்பதால், எண்ணைச் சொல்வதற்கு முன் அந்த இரண்டாம் வரியையும் பார்க்கும்படி பழக்கியிருக்கிறேன்.

கடைசியாக, 47 என்று முடியும் அந்தப் பழைய எண்ணுக்கு நான் அழைத்துப் பார்த்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்ற பதிவுக்குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மணி அடித்தது, ஓர் இளைஞர் மலாயில் பேசினார். எண்ணை வாங்கி எட்டு மாதமாகிறது என்றார். ரீலோட் செய்யாமல் விட்ட எண்ணைச் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாரம் தனக்கு ஆறு இலக்க எண்கள் நாலு முறை வந்ததாகவும், யாரோ தவறாக அனுப்புகிறார்கள் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். மருத்துவமனையிலிருந்தும் ஏதோ தேதி வந்ததாம். அம்மாவின் கண் பரிசோதனைத் தேதி அது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அன்றிரவே அம்மாவின் வங்கிப் புத்தகத்தையும் மருத்துவமனை அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, பழைய எண் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன்.